வெறும் மேப் படம் மட்டும் வந்தால்

“சகலையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மேப் ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வழியாக வா என்கிறாரா, வர இவ்வளவு நேரமாகும் என்கிறாரா, இங்கே சந்திப்போம் என்கிறாரா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

முதலில் நீலக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். மேலே உள்ள கட்டத்தில் Your location என்று இருந்தால் அது படம் எடுத்தவர் நின்ற இடம், நீங்கள் இருக்கும் இடமல்ல. அப்படியென்றால் பெரும்பாலும் அவர் சொல்ல வந்தது நேரத்தைத்தான். அந்த நேரமும் படம் எடுத்த நொடியின் போக்குவரத்தை வைத்துக் கணக்கிட்டது. திரையின் உச்சியில் மணி 5.10 என்று இருந்து, நீங்கள் ஆறு மணிக்குப் பார்த்தால், அதிலுள்ள 22 நிமிடம் ஊசிப்போன செய்தி. கோடு உங்கள் வீட்டிலிருந்தோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்தோ தொடங்கினால், மெனக்கெட்டு உங்களுக்காக வழி தேடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோடே இல்லாமல் சிவப்புக் குறி மட்டும், கீழே Dropped pin என்று இருந்தால், பெயரில்லாத ஓர் இடத்தை அவர் விரலால் அழுத்திப் பிடித்துக் குறித்திருக்கிறார். கடைக்கோ மண்டபத்துக்கோ பெயர் உண்டு, தேடினாலே கிடைத்துவிடும். வேலை மெனக்கெட்டு வெற்றிடத்தில் குறி வைப்பவர், அநேகமாக அங்கே வரச் சொல்கிறார்.

ஆனால் ஸ்கிரீன்ஷாட் என்பது வெறும் படம். லொக்கேஷனாக அனுப்பியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கூடவே வந்திருக்கும். தொட்டால் வழி திறக்கும். படத்தைத் தொட்டால் பெரிதாகும், அவ்வளவுதான். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உதவுகிறது. Dropped pin என்பதன் அருகே Q4MJ+4M Thanjavur என்பது போல ஒரு சிறு வரி இருக்கும். பலரும் கண்டுகொள்ளாத இதன் பெயர் பிளஸ் கோட். கூகுள் பொறியாளர்கள் 2014இல் வெளியிட்ட, ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சில எழுத்துகளில் சுருக்கிச் சொல்லும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய முறை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம்: வடக்கே 10.7828 பாகை, கிழக்கே 79.1317 பாகை. கழித்தல் குறி வராமலிருக்க முதல் எண்ணோடு 90, இரண்டாவதோடு 180 கூட்டினால் 100.7828, 259.1317. உலகத்தை 20 பாகைக் கட்டங்களாக வெட்டினால், கோயில் இருப்பது தெற்கிலிருந்து 5ஆம் வரிசை, மேற்கிலிருந்து 12ஆம் பத்தி (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது). ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: 23456789CFGHJMPQRVWX, மொத்தம் இருபது. 5க்கு 7, 12க்கு J. ஆக 7J. அந்தக் கட்டத்தை மறுபடி இருபதுக்கு இருபதாக வெட்டினால் ஒரு பாகைக் கட்டம், 2X. இன்னொரு முறை வெட்டினால் ஐந்தரை கிலோமீட்டர், Q4. அடுத்து 275 மீட்டர், MJ. கடைசி வெட்டில் சுமார் 14 மீட்டர், 4M. சேர்த்தால் 7J2XQ4MJ+4M. கோயில் வளாகத்துக்குள் ஒரு சிறு சதுரம் கையில் கிடைத்துவிட்டது.

அந்த இருபதில் A, E, I, O, U எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாதாம்! பூஜ்யத்தையும் O-வையும், ஒன்றையும் I-யையும் குழப்பிக்கொள்ளும் தொல்லையும் போயிற்று.

திரையில் முதல் நான்கு எழுத்துகள் தெரிவதில்லை. அவற்றுக்குப் பதிலாகத்தான் ஊர்ப் பெயர். படத்தை வெட்டி அனுப்பும்போது ஊர்ப் பெயர் போய்விட்டால் சிக்கல். Q4MJ+4M என்பது ஒவ்வொரு பாகைக் கட்டத்திலும், அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு ஒருமுறை, திரும்ப வரும். மதுரையில் இருந்துகொண்டு ஊர்ப் பெயரில்லாமல் அதைத் தட்டினால், அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுப்பது விதி என்பதால், மதுரைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் ஓரிடத்தைக் காட்டும். பெரிய கோயிலைத் தேடிப் போனவர் விருதுநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்.

நம் அஞ்சல் துறையும் ஐஐடி ஹைதராபாத், தேசிய தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து டிஜிபின் என்று ஒன்றை 2025இல் கொண்டுவந்தது. இதே வெட்டும் உத்திதான், ஒவ்வொரு முறையும் நான்குக்கு நான்காக. பத்து எழுத்தில் சுமார் 4 மீட்டர் சதுரம். மக்கள் வரிப்பணத்தில் செய்து, நிரலையும் திறந்துவைத்த வேலை. வாஸ்து பார்த்து வாசலை மாற்றுவதற்குச் செலவழிக்கும் நம்மவர்கள், வாசலின் டிஜிபின்னையும் ஒருமுறை பார்த்து வைக்கலாம்.

சகலையின் படத்தில் அந்த வரி இருந்தால், அதை ஊர்ப் பெயரோடு மேப்பின் தேடல் கட்டத்தில் அப்படியே தட்டுங்கள், குறி விழும். ஒன்று மட்டும்: இந்த எழுத்துகளுக்கு உயரம் தெரியாது. ஆலந்தூர் மெட்ரோவில் மேல்தளத்தில் நிற்பவருக்கும் கீழ்த்தளத்தில் நிற்பவருக்கும் ஒரே பிளஸ் கோட்தான் வரும். எந்தத் தளம் என்று அவரிடம் கேட்டே ஆக வேண்டும்.