கிரேஸ் டைம்: சலுகை நேரம்

வேலை நேரம் தொடங்கிய பிறகு வந்தாலும் தாமதமாகக் கணக்கில் ஏறாத சில நிமிடங்களைத்தான் அலுவலகங்களில் கிரேஸ் டைம் என்கிறோம். தயவு, கருணை என்ற பொருளுள்ள 'கிராட்டியா' என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கிரேஸ்' ஆனது. தமிழில் கருணை மதிப்பெண், கருணைத்தொகை என்றெல்லாம் வழங்குவதைப் பார்த்துக் கருணை நேரம் என்றும் சொல்லிவிடலாம். ஆனால் கருணை, காட்டுபவரின் மனத்தைப் பொறுத்தது. சலுகைக்கு அளவு வைக்கலாம், அதை விதியாகவும் எழுதலாம். அதனால் பணியாளர் கொள்கைக்குச் 'சலுகை நேரம்' என்பதே சரியான சொல்.

மனிதவளப் பிரிவிலிருந்து குழுவுக்கு வரும் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஹாய் டீம், சில பேர் தினமும் லேட்டா வர்றீங்க. கிரேஸ் டைம் இருக்குன்னு அதையே வழக்கமாக்காதீங்க, ப்ளீஸ்! டிரஸ்ஸும் கொஞ்சம் டீசன்ட்டா இருக்கட்டும்."

'சில பேர்' என்றதும் அது யார் என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். அதைவிடப் பெரிய கோளாறு, சலுகை நேரத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்துவதையே குறையாகச் சொல்வது. 9.08க்கு வருபவர் விதியை மீறினாரா இல்லையா என்பதற்கு இந்தச் செய்தியில் பதிலே இல்லை.

இதையே அறிவிப்பாக எழுதினால்:

"வேலை நேரம் காலை 9.00 மணிக்குத் தொடங்கும். சலுகை நேரம் 10 நிமிடங்கள். 9.11 முதல் பதிவாகும் வருகை தாமதமாகும், தாமதம் 9.00 மணியிலிருந்து கணக்கிடப்படும். ஒரு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தாமதமானால், பணியாளர் தம் மேலாளரிடம் எழுத்து மூலம் காரணம் தெரிவிக்க வேண்டும். இது எல்லாப் பணியாளர்களுக்கும் பொருந்தும்."

'9.11 முதல்' என்பதைக் கவனியுங்கள். '9.10 வரை' என்று மட்டும் எழுதினால், வருகைப்பதிவுக் கருவியில் 9.10.40 என்று பதிவானவர் எந்தப் பக்கம் என்ற வழக்கு வரும். 9.12க்கு வந்தவரின் தாமதம் 12 நிமிடமா, 2 நிமிடமா என்பதும் அப்படித்தான். இவற்றையும், மூன்று முறை என்ற வரம்பையும், காரணம் தெரிவிக்கும் முறையையும் எழுதுபவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். பழைய செய்தியில் இல்லாத சம்பளப் பிடித்தம் போன்ற தண்டனையை, நடை மாற்றும் சாக்கில் சேர்ப்பது பெருந்தவறு. மேலே உள்ள மாதிரியில் இல்லாவிட்டாலும், வெளியிடும் அறிவிப்பில் நடைமுறைக்கு வரும் தேதியும், விளக்கம் வேண்டுவோர் அணுக வேண்டியவரின் பதவியும் இருக்க வேண்டும்.

உடைக்குத் தனி அறிவிப்பு வேண்டும். 'டீசன்ட்' என்பது ஆளுக்கு ஆள் மாறும் மதிப்பீடு. 'காலர் உள்ள மேலாடை, முழு நீளக் கால்சட்டை, முன்பக்கம் மூடிய காலணி' என்று பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் யாருடைய ரசனையையும் தொட வேண்டியதில்லை. மத வழக்கம், உடல்நிலை காரணமாக விலக்கு வேண்டுவோர் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.