ஃபுளூ காய்ச்சலில் உடம்பை வலிக்கச் செய்வது எது?

மும்பையில் மழைக்காலம் வலுத்ததும் தாராவி, சயான், மாதுங்கா பகுதிகளிலிருந்து எங்கள் சிகிச்சையகத்துக்குக் காய்ச்சலோடு வருபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். அவர்களில் ஃபுளூ கண்டவர்கள் சளியைப் பற்றியோ இருமலைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது, எழுந்து நிற்கவே தெம்பில்லை என்றுதான் தொடங்குகிறார்கள். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டதோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. ஆனால் வழக்கமான ஃபுளூவில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சுவரில் உள்ள செல்களில்தான் பெருகுகிறது. கெண்டைக்காலிலும் இடுப்பிலும் வலி இருந்தாலும், அந்த இடங்களில் பொதுவாக வைரஸ் இருப்பதில்லை. வைரஸ் ஓரிடத்தில் இருக்க, வலி வேறிடத்தில் தோன்றுவது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும்.

தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்துக் காலையில் விற்பனைக்கு அனுப்பும் ஓர் அம்மாள், நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், ஜூலை மாத இறுதியில் வந்தார். முந்தைய நாள் மதியம் வரை நன்றாக இருந்தவருக்கு மாலையில் திடீரென்று நடுக்கம் எடுத்து, இரவில் காய்ச்சல் 103 டிகிரியைத் தொட்டிருந்தது. கண்ணை அசைத்தாலும் வலிக்கிறது என்றார். "கையை மாவில் வைக்கக்கூட மனசு வரலை டாக்டரம்மா, ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டார். சோதித்துப் பார்த்ததில் தசைகளில் வலி இருந்ததே தவிர வலு குறையவில்லை; கையைப் பிடித்து இழுக்கச் சொன்னபோது வலித்தாலும் முழு பலத்தோடு இழுத்தார். தசை சிதையும்போது இரத்தத்தில் உயரும் சிகே என்னும் நொதியும் இயல்பான அளவில்தான் இருந்தது. டெங்கு பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் இன்ஃப்ளூயன்சா ஏ உறுதியானது. அவருடைய தசை பழுதுபடவில்லை. ஆனாலும் அவர் பட்ட வலி மெய்யானது.

வைரஸ் புகுந்த செல், தான் தாக்கப்பட்டதை அறிந்தவுடன் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிடுகிறது. 1957ஆம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் ஃபுளூ வைரஸை வைத்துச் செய்த ஆய்வில்தான் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. அக்கம்பக்கத்துச் செல்கள் இதைப் பெற்றதும், வைரஸ் தமக்குள் பெருக முடியாதபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. இதோடு, அந்த இடத்துக்கு வந்து சேரும் வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் முதலிய வேறு சில புரதங்களையும் சுரக்கின்றன. சைட்டோகைன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் இவை நோயெதிர்ப்பு அணுக்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் பொருள்கள். வைரஸ் மூச்சுப்பாதையிலேயே தங்கிவிட, இவை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றுகின்றன. தன்னார்வலர்களுக்கு ஃபுளூ வைரஸைக் கொடுத்துக் கவனித்த ஆய்வுகளில், மூக்குநீரில் இன்டர்ஃபெரானும் இன்டர்லூகின்-6ம் ஏறிய நேரத்தில்தான் காய்ச்சலும் உடல்வலியும் உச்சத்தில் இருந்தன.

இதற்கு இன்னும் வலுவான சான்று கல்லீரல் நோய்ச் சிகிச்சையிலிருந்து கிடைத்தது. ஹெபடைடிஸ் சி நோய்க்குப் புதிய மாத்திரைகள் வருவதற்கு முன்பு, இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டு வந்தார்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிகளுக்குக் குளிர், காய்ச்சல், தசைவலி, தலைவலி எல்லாம் வரும். அவர்கள் உடம்பில் ஃபுளூ வைரஸ் ஒன்றுகூட இல்லாதபோதும் அது அப்படியே ஃபுளூவாக இருக்கும். மாதக்கணக்கில் ஊசி தொடர்ந்தவர்களில் பலரைச் சோர்வும் மனச்சோர்வும் பிடித்துக்கொண்டன. ஃபுளூவின் வேதனையில் பெரும்பகுதி நம் உடம்பே சுரக்கும் பொருள்களால் வருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தப் புரதங்கள் நேரடியாக மட்டுமன்றி, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் சிறு வேதிப்பொருளைத் திசுக்களில் உண்டாக்கச் செய்தும் வலியைக் கூட்டுகின்றன. அது வலி நரம்புகளின் முனைகளை மிகவும் கூருணர்வு உள்ளவையாக ஆக்கிவிடுவதால், படுத்திருக்கும் பாயின் அழுத்தமும் புரண்டு படுப்பதும்கூட வலியாக உணரப்படுகின்றன. அதே பொருள் மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் உடல்வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது. அந்த வெப்பத்தை எட்டுவதற்காகத் தசைகள் நடுங்க, ஏற்கெனவே நோகும் தசைகள் மேலும் நோகின்றன. பாராசிட்டமால் இந்த புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைப்பதால்தான் காய்ச்சலும் வலியும் ஒருசேரத் தணிகின்றன.

அசதியின் கதை சற்று வேறு. எலிகளில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தொண்டைப் பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டினை உணர்ந்து, உணவிலும் நடமாட்டத்திலும் நாட்டமில்லாமல் செய்துவிடுகிறது என்று கண்டார்கள். மனிதரிலும் இதே பாதைதான் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஆனால் அசதிக்கு அது மட்டுமே காரணமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சைட்டோகைன்கள் மூளையில் ஊக்கம் தரும் டோபமின் வழித்தடங்களையும் மந்தப்படுத்துகின்றன. மாவில் கைவைக்க மனம் வரவில்லை என்று அந்த அம்மாள் சொன்னது சோம்பலோ மனப்பலவீனமோ அல்ல. பாராசிட்டமாலால் வலி நீங்கிய பிறகும் அசதி நீங்காததற்கும், காய்ச்சல் 3 முதல் 5 நாளில் விட்டபின் தளர்ச்சி 2 வாரம்வரை இழுப்பதற்கும் இதுவே பொருத்தமான விளக்கம்.

ஆகவே அவருக்குச் சத்து ஊசி போடவில்லை. வைட்டமினோ குளுக்கோஸோ ஆன்டிபயாடிக்கோ இந்தப் புரதங்களை ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோய் இருந்ததாலும் நோய் தொடங்கி 48 மணி நேரம் ஆகாததாலும் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் ஓசெல்டமிவிர் 75 மில்லிகிராம் காலையும் இரவும் 5 நாள்களுக்குக் கொடுத்தேன். வைரஸ் பெருகுவது குறைந்தால் அதற்கு எதிராகச் சுரப்பவையும் குறையும். நோய்க்காலம் ஏறத்தாழ ஒரு நாள் சுருங்கும் என்று மட்டுமே எதிர்பார்க்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். அவர் மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் சேர்ந்திருந்ததால் அதை நிறுத்தச் சொன்னேன். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக் ஊசியும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரைகளும் கூடாது என்பதை மழைக்காலத்தில் எல்லோரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் அவை இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடியவை.

உடல்வலி எல்லாவற்றையும் சைட்டோகைன்களின் வேலை என்று விட்டுவிடவும் முடியாது. தேங்கிய மழைநீரில் நடந்தவருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே தாங்க முடியாமல் வலித்து, கண்கள் சிவந்திருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீரும் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஃபுளூ தணிந்து வரும் நேரத்தில் சில சிறுவர்கள் கெண்டைக்கால் வலியால் நடக்க மறுப்பார்கள். அவர்களுக்குத் தசையிலேயே அழற்சி இருக்கும், சிகே உயர்ந்திருக்கும், பெரும்பாலும் சில நாள்களில் தானாகவே சரியாகும். ஆனால் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று பொருள், அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காய்ச்சல் விட்டு 2 நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், அது பெரும்பாலும் நுரையீரலில் பாக்டீரியா தொற்றிக்கொண்டதன் அறிகுறி. ஃபுளூவில் ஆன்டிபயாடிக் தேவைப்படுவது அப்போதுதான்.