முந்நூற்று எழுபத்திரண்டு எப்படி ரெண்டாயிரத்தைத் தாண்டியது?

காட்பாடியில் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவருக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். வேலூர் லாங் பஜாரில் சரக்கு எடுத்ததும் பில்லை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருளில் அதைப் போட்டு, எழுத்துகளைப் பிரித்து, கொள்முதல் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. போன வருஷம் ஒருநாள் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஆறு டப்பா சொல்யூஷன் ரெண்டாயிரத்து முந்நூறா? நான் ஒட்டினேனா, குடிச்சேனா?" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். ₹372.00 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. பதிவேட்டில் 2372.00 என்று ஏறியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். ₹ என்ற குறியை மென்பொருள் 2 என்று படித்திருக்கிறது. மற்ற வரிகளில் அதே குறி % ஆகவும் R ஆகவும் வந்து, சுத்தம் செய்யும்போது போய்விட்டது. இந்த ஒரு வரியில் மட்டும் எண்ணாக மாறி உட்கார்ந்துகொண்டது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பில்லில் உள்ள சிக்கலே இதுதான். தமிழ் தப்பாக வந்தால் உடனே கண்ணில் படும். 'பாரத்' என்பது 'பரரத்' என்று வந்தால் யாருக்கும் தெரியும். எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் தப்பாக வந்தால், சரியானதைப் போலவே தோன்றும். அதனால் நாம் தமிழைத் திருத்துவதில் நேரத்தைச் செலவழிக்கிறோம், பணத்தைக் கவனிக்காமல் விடுகிறோம்.

நான் பயன்படுத்துவது டெசராக்ட். இலவசம், தமிழும் தெரியும். முதலில் எல்லோரும் கொடுக்கும் கட்டளையைத்தான் நானும் கொடுத்தேன்:

```
tesseract bill.png bill -l tam+eng --psm 6
```

இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் எது பொருந்துகிறது என்று மென்பொருளே முடிவு செய்யும். முதலில் எழுதிய மொழிக்கு முன்னுரிமை. 'எல்போ', 'சொல்யூஷன்' மாதிரிப் பொருட்பெயர்களுக்கு இது போதும். ஆனால் கடையின் ஜிஎஸ்டி எண்ணையும் இதே ஓட்டத்தில் படிக்கவிட்டது என் இரண்டாவது தப்பு. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, தமிழை அணைத்துவிட்டு, வரக்கூடிய எழுத்துகளையும் சொல்லிவிட வேண்டும்:

```
tesseract gst.png stdout -l eng --psm 7 \
 -c tessedit_char_whitelist=0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ
```

அப்படியும் 0-வும் O-வும், 5-ம் S-ம் குழம்பத்தான் செய்யும். ஆனால் அந்த 15 எழுத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்து பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து. ஆக எட்டாவது இடத்தில் O வந்தால் அது 0-தான், மறுயோசனை வேண்டாம். கடைசி எழுத்தோ முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எழுத்து:

```
C = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"
def ok(g):
    s = 0
    for i, c in enumerate(g[:14]):
        p = C.index(c) * (1 + i % 2)
        s += p // 36 + p % 36
    return C[(36 - s % 36) % 36] == g[14]
```

ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் இதில் தப்பவே முடியாது. இரண்டு மாறினால் எப்போதாவது நழுவலாம். எண் செல்லுபடியாகிறது என்பதால் அது இந்தக் கடையின் எண் என்று ஆகிவிடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தொகைக்கு இப்படி ஒரு சரிபார்ப்பு எழுத்து கிடையாது. ஆனால் பில்லே ஒரு கணக்குத்தானே! அந்தப் பில்லை அப்படியே தருகிறேன். பைப் 12, விலை 185, ஆக 2,220. எல்போ 40, விலை 14, ஆக 560. சொல்யூஷன் 6, விலை 62, ஆக 372. டேப் 24, விலை 12, ஆக 288. கூட்டினால் 3,440. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 9 சதவீதம், 309.60 வீதம். மொத்தம் 4,059.20, சில்லறை தள்ளி 4,059.

மென்பொருள் படித்ததைக் கூட்டினால் 5,440 வருகிறது. பில்லில் அச்சான 3,440-க்கும் அதற்கும் சரியாக 2,000 வித்தியாசம். வித்தியாசம் இப்படி முழு ஆயிரமாக நின்றால், எங்கோ முன்னால் ஓர் இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எந்த வரி என்பதை 6 × 62 சொல்லிவிடும். இப்போது என் நிரலில் மூன்று சோதனைகள்: எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் அந்தப் பொருளின் தொகை, அவற்றைக் கூட்டினால் ஜிஎஸ்டிக்கு முந்தைய மொத்தம், அதோடு ஜிஎஸ்டியைச் சேர்த்தால் கடைசித் தொகை. ஒன்று இடித்தாலும் அந்தப் பில் பதிவேட்டில் ஏறாது, என் மேஜைக்கு வரும்.

தமிழ்ப் பகுதியில் நான் ஏமாந்தது வேறு விதம். கசங்கிய பில்லில் அழுக்குப் புள்ளிகள் இருக்குமே என்று, படத்தைப் படிக்கக் கொடுப்பதற்கு முன் புள்ளி நீக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டேன். 'கம்பி' 'கமபி' ஆனது, 'எல்போ' 'எலபோ' ஆனது. மெய்யெழுத்தின் புள்ளியும் நாலைந்து பிக்சல்தானே, அது அழுக்கா எழுத்தா என்று வடிகட்டிக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலப் பில்லுக்கு எழுதப்பட்ட வழிகாட்டியை அப்படியே எடுத்தால் இதுதான் நடக்கும். அந்த வடிகட்டியை எடுத்துவிட்டேன். பொருட்பெயரைப் பட்டியலோடு ஒப்பிடும்போது மட்டும் இரண்டு பக்கமும் புள்ளியை நீக்கிவிட்டு ஒப்பிடுகிறேன். புள்ளி விழுந்திருந்தாலும் கம்பி கம்பியாகவே சேர்கிறது.

இதில் பாதித் தொல்லை படத்தோடே வருகிறது. டெசராக்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது 300 டிபிஐ இருந்தால் நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். ஏ4 பில் என்றால் அது 140 டிபிஐகூடத் தேறாது. அந்த அளவில் ர-வின் கீழ்வால் மறைந்து, அதுவும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும்; துணைக்காலை ர என்று படித்து 'பரரத்' வந்த கதை அதுதான். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது. கான்ட்ராக்டருக்கு இதை மூன்று முறை சொன்னேன், நாலாவது முறை அவர் மகன் போனில் செய்து காட்டினான். அன்றிலிருந்து சரி.

மொத்தத் தொகையின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பக்கத்தில் பேனாவால் 'பாக்கி 1,500' என்று எழுதித் தரும் கடைகளும் உண்டு. டெசராக்ட் அச்செழுத்துக்குப் பழகியது, கையெழுத்தில் அதை நம்ப முடியாது. அந்தப் பில்களை ஓசிஆர் பக்கமே கொண்டுபோவதில்லை. தனிக் கட்டாகப் போட்டு, சனிக்கிழமை சாயந்திரம் கையாலேயே அடித்துவிடுகிறேன்.