பூட்டிய வீட்டுக்கு வந்த மின்கட்டணம்

சென்னையில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். மீட்டரின் இன்றைய ரீடிங்கிலிருந்து சென்ற முறை ரீடிங்கைக் கழித்தால் கிடைப்பதே யூனிட். முதல் 100 யூனிட் இலவசம். வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டது. கடைகளுக்கு இன்னும் உண்டு. ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும்.

சிக்கல் ஸ்லாப்பில் இருக்கிறது. 2022 விகிதப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை பறிபோய், 101-வது யூனிட்டிலிருந்தே 4.50 ஆகிவிடும், கூடுதல் யூனிட்டுக்கு 8 ரூபாயும் அதற்கு மேலும் போகும். எனவே 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! பின்னர் விகிதங்கள் உயர்ந்தன, அமைப்பு மாறவில்லை.

இப்போது அதே 2022 விகிதத்திலேயே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் ரீடிங் 12,340. அந்தச் சுற்றில் 300 யூனிட், 675 ரூபாய். மே மாதம் கணக்கெடுக்க வந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஆகவே முந்தைய தொகையான 675 ரூபாயே தற்காலிகமாகப் போடப்பட்டது. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் ஏசி ஓடும் வீட்டுக்குக் குளிர்காலக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அந்த மதிப்பீடு குறைவாகத்தான் இருக்கும். மிச்சம் அடுத்த ரீடிங்கில் வந்து சேரும்.

ஜூலையில் ரீடிங் 13,160. நான்கு மாதத்தில் 820 யூனிட். இதை ஒரே சுற்றாகப் போட்டால் 4,750 ரூபாய். கட்டிய 675 போக 4,075 பாக்கி. அது தவறு. ஒரு சுற்றின் ஸ்லாப்பில் இரண்டு சுற்றின் யூனிட்டைத் திணிப்பதால் வரும் வீக்கம் அது. சரியான முறையில் 820-ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டும்: சுற்றுக்கு 410 யூனிட், 1,185 ரூபாய். இரண்டுக்கும் 2,370, 675 கழித்தால் பாக்கி 1,695 ரூபாய்.

820-லிருந்து 300 யூனிட்டைக் கழித்து, மிச்சம் 520-க்குக் கட்டணம் போடுவதும் நியாயமாகத் தோன்றும். ஆனால் 520 என்பது 500-ஐத் தாண்டிவிடுகிறது. பாக்கி 2,110 ரூபாய் ஆகும். ஆகையால் முதலில் யூனிட்டைப் பிரித்துக் கட்டணம் போட்டு, பிறகு கட்டிய தொகையைக் கழிப்பதே பயனாளிக்கு நல்லது. 2020 ஊரடங்குக்குப் பிறகு நான்கு மாதக் கணக்கு இந்த முறையில்தான் போடப்பட்டது.

பிரிக்காத பில் கையில் வந்தால், மீட்டர் திரையில் ஒவ்வொன்றாக மாறிவரும் எண்களில் kWh என்று காட்டுவதைப் படமெடுத்து, முந்தைய இரண்டு பில்களோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடைசியாக உண்மையில் ரீடிங் எடுத்த தேதியை மனுவில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். எத்தனை சுற்றாகப் பிரிக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்ததுதான்.