பந்து வராத சில நிமிடங்கள்

“என் மகளை யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. தோழிகள் அவளை விட்டுவிட்டுப் புதிய வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பாளா? கைபேசியை வாங்கி வைத்துவிட்டேன்.” சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்நிலை 2 மாணவி.

இருப்பாள். ஏன் என்று காட்டும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, இருவர் வீசி விளையாடிய ஃபிரிஸ்பீ தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் அவருக்கு வீச, சற்று நேரம் மூவராக ஆடினார்கள். பிறகு அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர்தான். இருந்தும் மனம் வலித்தது. அதையே அவர் ‘சைபர்பால்’ என்ற கணினி விளையாட்டாக மாற்றினார். திரையில் நீங்களும் இன்னும் இருவரும் பந்து வீசிக்கொள்வீர்கள். சில வீச்சுகளுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வராது. சில நிமிடங்களிலேயே, ‘நான் இவர்களில் ஒருத்தி’ என்ற உணர்வும் தன்மதிப்பும் சரிகின்றன. 2004இல் வெளியான ஆய்வில், எதிரே ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்பே சொல்லப்பட்டவர்களுக்கும் வலித்தது! ஒதுக்கப்படுவதை உணரும் மணி முதலில் அடித்துவிடுகிறது. யார், ஏன் என்ற யோசனை பிறகுதான் வருகிறது. பதின்ம வயதுப் பெண்களுக்கு இதனால் மனநிலை பெரியவர்களைவிட அதிகமாகச் சரிந்தது என்று 2010இல் இன்னோர் ஆய்வு கண்டது. ஆகவே “கண்டுகொள்ளாதே” என்ற அறிவுரை அந்த மணியை எட்டாது.

இந்தப் பெண்ணுக்குப் பந்து கண்முன்னேயே பறந்தது. கைபேசி பறிபோகும்வரை, தோழிகள் பூகிஸில் எடுத்த படங்களை இன்ஸ்டகிராமில் பார்த்தாள். விருப்பக்குறிகளை எண்ணித் தன்னோடு ஒப்பிட்டாள். இப்படி வாடியிருக்கும் பெண்ணுக்குக் கண்பட்டுவிட்டது என்று பாட்டி கண்ணேறு கழிப்பதில் அன்பு இருக்கலாம். ஆனால் வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காமலிருக்க அது சாக்காகிவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

பள்ளி ஆலோசகரை நாடுங்கள். அவர் முதலில் மகளிடம் தனியாகப் பேசுவார். உயிருக்கு ஆபத்தோ, மிரட்டலோ, அந்தரங்கப் படம் பரவுவதோ தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். பிறகு குடும்பத்தோடு உட்காரும்போது யார் தவறு என்று கேட்பதில்லை. “மகள் கதவைச் சாத்தினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?” என்று தாயிடம் கேட்பார். “ஏதோ மறைக்கிறாள் என்று. அதனால்தான் கைபேசியை வாங்கினேன்.” “அம்மா கைபேசியை வாங்கினால்?” “இனி எதையும் சொல்லக் கூடாதுன்னு நினைப்பேன்.” இந்தப் பதில்களை ஆலோசகர் தாளில் வட்டமாக எழுதிக் காட்டுவார். கதவு சாத்துவது கைபேசியைப் பறிக்க வைக்கிறது. பறிப்பது மறுபடி கதவைச் சாத்த வைக்கிறது. கைபேசி போய்விடுமோ என்ற பயமே பிள்ளைகள் வாய் திறக்காததற்கு ஒரு முக்கியக் காரணம்.

வட்டத்தை உடைக்க ஒரு சிறு உடன்பாடு போதும்: மகள் எதைக் காட்டினாலும் அன்றைக்குக் கைபேசியை வாங்குவதில்லை; இரவு பத்து மணிக்கு எல்லாருடைய கைபேசியும், அப்பாவுடையதும், வரவேற்பறையில் மின்னேற்றப்படும். வசைச் செய்திகள் வந்தால் அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை நாட நேர்ந்தால் அவை சான்றாகும்.

தோழிகள் அவளை மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஆலோசகரால் வாக்குக் கொடுக்க முடியாது. முன்னேற்றத்தை அவர் வேறோர் இடத்தில் தேடுவார்: அடுத்த சந்திப்புக்குள் மகள் தானாக ஒரு செய்தியையாவது அம்மாவிடம் காட்டினாளா?