“நானாகத்தான் நிறுத்தினேன், மிஸ்”

“என் கணவர் என்னைக் கட்டுப்படுத்துகிறார்” என்று சொல்லிக்கொண்டு உளவளத்துணைக்கு வருபவர்கள் மிகக் குறைவு. தூக்கம் இல்லை, சாப்பிட்டால் வயிறு எரிகிறது, வேலையில் கணக்குப் பிழைக்கிறது என்றுதான் வருவார்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்து நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார். அரை மணித்தியாலம் பேசிய பிறகு மெல்ல ஒரு வசனம் வரும்: “அவர் கெட்டவர் இல்லை மிஸ், என்மேல் சரியான அக்கறை.” அந்த வசனத்துக்குப் பிறகுதான் நான் பேனாவைக் கையில் எடுப்பேன்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கப் பலருடைய விவரங்களை ஒன்றாகக் கலந்திருக்கிறேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீடு, கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. கலியாண எழுத்து முடிந்துவிட்டது. சீதன வீட்டுக்குக் கூரை போட்ட பிறகு தாலி கட்டுவதாகப் பேச்சு. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் உத்தியோகம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரவு பஸ்ஸில் வந்துபோவார். குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதும் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார்கள்.

முதலில் வந்தது உடை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த நிறம் உனக்கு அழகு, கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது” என்றார். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தன்னை இவ்வளவு கவனித்துப் பார்க்க ஒருவர் இருக்கிறாரே என்று எண்ணினாள். அடுத்தது ஸ்கூட்டி. பிரதான வீதியில் ஒரு விபத்துச் செய்தி வந்த நாளில், “இனி பஸ்ஸில் போ, எனக்கு இங்கே இருந்துகொண்டு பயமாக இருக்கிறது” என்றார். அதுவும் நியாயம்தானே. பிறகு பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி. அவள் விவாகரத்தானவள். “அவளோடு பேசிவிட்டு வந்தால் உன் பேச்சே மாறிவிடுகிறது.” கடைசியாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைப் போட்டுவிடச் சொன்னார்.

இவற்றில் எதையும் தனியாக எடுத்து என்னிடம் காட்டி, இது அக்கறையா கட்டுப்பாடா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நல்ல கணவர்களும் இதே வசனங்களைச் சொல்கிறார்கள். வசனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பட்டியல்கள் முகநூலில் நிறையச் சுற்றுகின்றன. “இந்தப் பத்து அறிகுறிகள் இருந்தால் ஓடிவிடுங்கள்” என்ற வகை. அவற்றைப் படித்துவிட்டு நல்ல மனிதரைச் சந்தேகிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், பட்டியலில் தன் கணவர் அகப்படவில்லை என்று நிம்மதியடைந்து நரகத்தில் இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் அவளிடம் கேட்டது இரண்டே கேள்விகள்.

முதலாவது, அவர் சொன்ன காரணத்தை நீங்கள் தீர்த்துவைத்தபோது என்ன நடந்தது? ஸ்கூட்டி விடயத்தில் அவர் சொன்ன காரணம் விபத்து. அவள் புதிய தலைக்கவசம் வாங்கினாள், பிரேக்கைப் பார்க்கக் கொடுத்தாள், இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். விபத்துப் பற்றிப் பயந்தவருக்கு அத்தோடு பாதிப் பயமாவது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. “வீதியில் பெடியன்கள் பார்க்கிறார்கள்” என்றார். பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார். தங்கையோடு போனாள். “உன் தங்கை எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிறாள்” என்றார். ஒரு காரணத்துக்கு வழி கண்டவுடன் வேறொரு காரணம் அந்த இடத்துக்கு வந்து, கோரிக்கை மட்டும் அசையாமல் நின்றால், காரணம் எதுவும் உண்மையான காரணம் இல்லை. அவருக்கு வேண்டியது விபத்தில்லாத பயணம் அல்ல. தனக்குத் தெரியாமல் அவள் எங்கும் போகாதிருப்பது.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். அவர் சொன்னதை நீங்கள் செய்யாத நாளில் என்ன நடக்கும்? தோழியின் கதை இங்கேதான் விளங்கியது. “பேசாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை மிஸ். நானாகத்தான் நிறுத்தினேன்.” ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். தோழியைச் சந்தித்த ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்களுக்கு அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். மூன்றாம் நாள் எடுத்து, சாப்பிடவே இல்லை என்பார். ஒருமுறை, “நான் இல்லாவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாய்தானே” என்று குரல் பதிவு அனுப்பிவிட்டுத் தொலைபேசியை நிறுத்திவிட்டார். அன்று இரவு முழுவதும் அவள் அவருடைய அறை நண்பர்களின் இலக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு தோழியின் அழைப்பு வந்தால் கை தானாகவே துண்டித்துவிடும்.

தடை போட்டால் அது கண்ணுக்குத் தெரியும், வீட்டாரிடம் முறையிடலாம். இங்கே தடையே இல்லை. விலை மட்டும் இருந்தது, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. கட்டமுடியாத அளவுக்கு விலை ஏறியபோது அவளாகவே விட்டுவிட்டாள். விட்டதும் தன் விருப்பம் போலவே அவளுக்குத் தோன்றியது. அமெரிக்க ஆய்வாளர் எவன் ஸ்டார்க் 2007இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடியையும் காயத்தையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், ஒருவரின் அன்றாடச் சுதந்திரம் துண்டு துண்டாகப் பறிபோவது கண்ணில் படாது என்பது அவருடைய வாதம். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய தொடர் நடத்தையையே தனிக் குற்றமாக்கியது.

அக்கறையும் சில நேரம் மோசமான முகத்தோடு வரும் என்பதையும் சொல்லவேண்டும். அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவர், “என் மனைவி என் கூட்டாளிகளை எல்லாம் வெட்டிவிடச் சொல்கிறாள்” என்று கொதித்தார். கேட்டுப் பார்த்தால், அந்தக் கூட்டாளிகளோடு சேர்ந்தால் அவர் குடிப்பார், நெல் விற்ற காசு வீட்டுக்கு வராது. மனைவி கத்துவார், அழுவார், அன்று பேசவும் மாட்டார். ஆனால் காசு வீட்டுக்கு வந்த மாதத்தில் அதே கூட்டாளிகள் வந்து முற்றத்தில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காரணம் தீர்ந்ததும் கோரிக்கையும் தீர்ந்தது. சத்தம் போட்டாலும் அது கட்டுப்பாடு அல்ல. மாறாக, மனைவி தன் தொலைபேசியின் கடவுச்சொல்லைச் சொல்லாமல் வைத்திருக்க, கணவரின் தொலைபேசியை மட்டும் ஒவ்வொரு இரவும் வாங்கிப் பார்க்கும் வீடுகளும் உண்டு. ஆண்கள் அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

சமய உடைபற்றி என்னிடம் கேட்பவர்களுக்கும் என் பதில் இதுவே. அபாயாவோ சேலையோ, எதை உடுத்துவது என்பது என் வேலைக்குள் வராது. உடுத்துபவருடைய நம்பிக்கையா, உடுத்தாவிட்டால் நடக்கப்போவதைப் பற்றிய பயமா என்பது மட்டும்தான் வரும்.

பதில் தெளிவில்லாமல் இருப்பவர்களிடம் ஒரு சிறிய விடயத்தைத் தெரிந்தெடுக்கச் சொல்வேன். பெரிய சண்டைக்குரியதை எடுக்கக்கூடாது. “நீங்கள் சொன்னதை யோசித்தேன், இந்த முறை நான் இப்படியே செய்கிறேன்” என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு, விளக்கம் கொடுக்காமல் இருந்து பாருங்கள். முகம் சுருங்கலாம், வாக்குவாதம் வரலாம், அது மனித இயல்பு. அடுத்த நாட்களைக் கவனியுங்கள். விடயம் அத்தோடு முடிகிறதா, அல்லது பேச்சை நிறுத்துவது, உங்கள் வீட்டாரிடம் முறையிடுவது, தனக்கு ஏதாவது செய்துகொள்வதாகச் சொல்வது என்று கணக்குத் தீர்க்கப்படுகிறதா? ஏற்கெனவே அடித்தவர், கழுத்தைப் பிடித்தவர், கொல்லுவேன் என்றவர் என்றால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். அங்கே பதில் தெரிந்ததுதான், மறுப்புச் சொல்லும் நேரமும் பிரிந்துபோக முயலும் நேரமும்தான் ஆபத்து அதிகமான நேரங்கள். தற்கொலை மிரட்டல் வந்தால் அதை விளையாட்டாக எடுக்காமல் அவருடைய வீட்டாருக்கு உடனே அறிவியுங்கள், தேவையென்றால் 119க்கு அழையுங்கள். அதற்காகச் சொன்னபடி நடக்கத் தேவையில்லை.

அந்தப் பெண் இருப்பிடம் அனுப்புவதை நிறுத்திப் பார்த்தாள். மூன்று நாள் மௌனம். நான்காம் நாள் அவளுடைய தகப்பனுக்கு அழைப்பு: “மாமா, உங்கள் மகளின் போக்குச் சரியில்லை.” பிறகு மாப்பிள்ளையும் என்னிடம் வந்தார், இருவரையும் சேர்த்து இருத்திப் பேசச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் கூட்டு உளவளத்துணை தீங்கு செய்யும். அறைக்குள் அவள் சொல்வதற்கு வெளியே விலை கொடுக்கவேண்டி வரும். தனியாக வாருங்கள் என்றேன். ஒருமுறை வந்து, “நான் அவளுக்கு நல்லதுதானே சொன்னேன்” என்றார், பிறகு வரவில்லை.

தாயார்தான் கடைசிவரை மசியவில்லை. “அவர் சொன்னபடி ஒரு சட்டையை மாற்றினால் என்ன குறைந்துவிடும் மிஸ்? தாலி கட்டினாலும் மகள் எங்கள் வளவுக்குள்தானே இருக்கப்போகிறாள்.” எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும், வீடு பெண்ணின் பெயரில் இருப்பதும் பெரிய காப்பு என்பது உண்மை. கை ஓங்கினால் பக்கத்து வீட்டில் தாய் இருப்பாள். ஆனால் தொலைபேசி வழியே வருவது அந்த வேலியை மதிப்பதில்லை. அந்தத் தாய் அடுத்த அறையில் படுத்திருந்த இரவில்தான் மகள் நண்பர்களின் இலக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தாயார் அறியாத இன்னொன்றும் இருந்தது. எழுத்து முடிந்துவிட்டால், தாலி கட்டாவிட்டாலும், ஒரே வீட்டில் ஒருநாளும் இருக்காவிட்டாலும் சட்டத்தின் முன் அவர்கள் கணவன் மனைவி. இதில் நன்மையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கும் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் பொருந்தும். வெறும் நிச்சயதார்த்தத்துக்கும் காதலுக்கும் பொருந்தாது. உடற்காயம் இல்லாத, கடுமையான, தொடர்ச்சியான உளத் துன்புறுத்தலையும் அது வன்முறையாகக் கொள்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதங்கள் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் “கடுமையான” என்ற அந்தச் சொல்லை நிரூபிக்கக் குரல் பதிவுகளும் செய்திகளும் வேண்டும். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவர் திறக்க முடியாத, நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசிக்கு ஒரு பிரதி போகட்டும். வழி கேட்பதற்குப் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது.

தீமை, வெளியே வரும்போது தெரியும். தாலி கட்டவில்லையே என்று எழுத்தைக் கிழித்துப்போட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத்தான் போடவேண்டும். பொதுச் சட்டப்படி பதிந்த திருமணத்தில் பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப்போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறுகிய காரணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும்; “ஒத்துவரவில்லை” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். ஆகவே வீட்டுக் கூரை முடிய ஒரு வருடம் இருக்கும்போதே எழுத்தை முடித்துவைக்க அவசரப்படும் பெற்றோரிடம், அதைத் தாலி கட்டும் நாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அந்த இடைவெளியில் மகள் எதற்காவது ஒருமுறை “இல்லை” என்று சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை அதற்கு என்ன செய்தார் என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.