நேத்து போட்ட அடியுரம் எந்தத் தேதியில் விழும்? விவசாய நாட்குறிப்பை அட்டவணையாக்கும் முறை

ஒரு ஏக்கர் நவரை நெல்லுக்கு எழுதிய நாட்குறிப்பில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“தை 5. கழனி நடவு முடிஞ்சது. 14 பொம்பளையாளு, தலைக்கு 300. டீ, பன் 280. நேத்து வெள்ளிக்கிழமையே அடியுரம் போட்டாச்சு. டிஏபி ஒரு மூட்டை 1350 கடன். பொட்டாஷ் மூட்டை 1600 ரொக்கம், அரை மூட்டைதான் போட்டது. களைக்கொல்லி திங்கக்கிழமை போடணும்.”

இதிலிருந்து தேதி, வேலை, இடுபொருள், அளவு, செலவு என்று வரிசைகளைப் பிரிக்க வேண்டும். நிரல் எழுதிச் செய்தாலும் கையால் செய்தாலும் வழி ஒன்றுதான்.

முதல் வேலை தேதி. பொங்கல் 2024-இல் ஜனவரி 15 அன்றும், 2025-இல் ஜனவரி 14 அன்றும் வந்தது. அதனால் தை 5 என்பது 2024-இல் ஜனவரி 19, 2025-இல் ஜனவரி 18. தமிழ் மாதங்களுக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. ஆகவே நிலையான ஒரு எண்ணைக் கூட்டிக் கழித்தால் பிசகும். ஆண்டுவாரியாக ஒவ்வொரு மாதப் பிறப்பையும் பஞ்சாங்கம் பார்த்து ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வதே சரி. நோட்டில் ஆண்டு இல்லாவிட்டால் கிழமை கைகொடுக்கும். நேத்து வெள்ளி என்றால் தை 5 சனிக்கிழமை. 2025-இல் அது சனி, 2024-இல் வெள்ளி. ஆக, இந்த இரண்டில் இது 2025-ஆம் ஆண்டுக் குறிப்பு. அடியுரம் போட்ட நாள் ஜனவரி 17. பத்தியின் தலைப்பில் உள்ள தேதியை எல்லா வரிசைக்கும் ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் நடவும் அடியுரமும் ஒரே நாளில் விழுந்துவிடும்.

அடுத்து வினைச்சொல்லின் வால். போட்டாச்சு, போட்டோம் என்றால் நடந்த வேலை. போடணும் என்றால் திட்டம்; போடல என்றால் நடக்கவே இல்லை. மூன்றிலும் ‘போடு’ இருக்கிறதே என்று வேரை மட்டும் தேடினால், களைக்கொல்லி போட்டதாக ஒரு பொய் வரிசை முளைக்கும். திங்கட்கிழமைக் குறிப்பு வரும்வரை அதற்கு வரிசை கிடையாது.

அளவில் சிக்கல் மூட்டையில் இருக்கிறது. டிஏபி, பொட்டாஷ் மூட்டை 50 கிலோ. யூரியா மூட்டை 2018-இல் 50-இலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. எனவே மூட்டையைக் கிலோவாக்க உரத்தின் பெயரும் ஆண்டும் சேர்ந்தே வேண்டும். ‘ரெண்டு மூணு ஆளு’ என்று எழுதியிருந்தால் அது 23-உம் அல்ல, 5-உம் அல்ல. குறைந்தது 2, அதிகம் 3 என்று வைத்து, சரிபார்க்கக் குறியிட வேண்டும்.

இனிச் செலவு. எனக்கு இதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. பொட்டாஷுக்குக் கையைவிட்டுப் போனது 1600 ரூபாய், கழனிக்குப் போனதோ 800 ரூபாய்ச் சரக்கு. மீதி அரை மூட்டை வீட்டில் இருக்கிறது. அடுத்த முறை போடும்போது அந்த வரிசையில் 800 ஏறும். பிறகு தை 21-இல் “உரக்கடைக்கு 1350 கட்டியாச்சு” என்று ஒரு வரி வருகிறது. அது புதுச் செலவு இல்லை, பழைய டிஏபி கடனை அடைத்தது. ஆகவே வாங்கியது, போட்டது, பணம் கட்டியது மூன்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். பயிர்ச் செலவு அட்டவணையில் ‘போட்டது’ மட்டுமே வரும்:

```
தேதி,வேலை,இடுபொருள்,அளவு,அலகு,செலவு
2025-01-17,அடியுரம்,டிஏபி,50,கிலோ,1350
2025-01-17,அடியுரம்,பொட்டாஷ்,25,கிலோ,800
2025-01-18,நடவு,பெண் ஆள்,14,ஆள்,4200
2025-01-18,நடவு,டீ பன்,,,280
```

கூட்டினால் 6630 ரூபாய். பத்தியில் கண்ட தொகையையெல்லாம் அள்ளி, கடன் அடைத்த 1350-ஐயும் சேர்த்தால் 8780 வரும். 2150 ரூபாய் அதிகம். ஒரு ஏக்கருக்கு இது சின்னத் தொகை இல்லை.

டீ பன் வரிசையில் அளவு காலியாக இருப்பதைக் கவனியுங்கள். குறிப்பில் சொல்லாததற்குக் காலி இடம், செலவே இல்லை என்று தெரிந்ததற்கு 0. “நானும் தம்பியும் வரப்பு வெட்டினோம்” என்றால் 2 ஆள், கூலி 0. கூலியே எழுதாமல் “3 ஆளு களையெடுத்தாங்க” என்றால் செலவுக் கட்டம் காலி. அங்கே 0 போட்டால், களையெடுப்பு இலவசமாக நடந்ததாகக் கணக்கு சொல்லும்.

சரிபார்க்க ஒவ்வொரு வரிசையோடும் மூல வாக்கியத்தை ஒரு கட்டத்தில் அப்படியே ஒட்டிவைக்க வேண்டும். பிறகு கடைப் பில்லோடு சரக்கு நேர்கிறதா என்று பார்க்கலாம்: வாங்கிய பொட்டாஷ் 50, போட்டது 25, கையிருப்பு 25. கையிருப்பு எதிர்மறையாகப் போனால் ஒரு கொள்முதல் எழுதாமல் விடுபட்டிருக்கும், அல்லது ஒரே உரம் இரண்டு வரிசையாகியிருக்கும். நேத்து போட்டதை நேற்றைய பக்கத்திலும் இன்றைய பக்கத்திலும் எழுதுவது வழக்கம் என்பதால், பெரும்பாலும் இரண்டாவதுதான்.